பேரனுக்குப் புரியும் அழைப்பிதழ்

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் பயிற்றுவித்தவள் என்பதனால், நம் சங்கத்தின் அழைப்பிதழ்களை எழுதும் பொறுப்பு நீண்ட நாளாக என்னிடமே இருந்து வருகிறது. ஆகவே, இன்று நான் குறை கூறப்போகும் அழைப்பிதழை எழுதியவளும் நானே. இதனை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறர்மீது பழி போடுகிறேன் என்று எவரும் எண்ணமாட்டீர்கள்.

முந்தைய ஆண்டு மார்கழியில் நம் குடும்பங்கள் சில, அயல்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு கோயிலுக்குச் சென்றிருந்தோம். அவர்களுள் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பிறந்ததும் வளர்ந்ததும் அமெரிக்காவில். கோயில் வாயிலில் நின்ற பெரியவர் ஒருவர் அவன் இடுப்பைச் சுட்டிக்காட்டி, "தோல் வாரா? உள்ளே வரக்கூடாது" என்றார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நம் கோயில்களில் தோல் பொருள் கூடாது என்பது நாமெல்லாரும் அறிந்ததே. ஆனால் பையனுக்கு அது தெரியாது. இடைவாரைக் கழற்றினால் கால்சட்டை நில்லாது என்று பத்துப் பேர் எதிரில் சொல்ல நாணினான். வெளியே மரத்தடியில் தன் தந்தையுடன் நின்றுகொண்டே இருந்தான். நாங்கள் அனைவரும் வழிபட்டுத் திரும்பும்வரை அவன் உள்ளே வரவில்லை. வந்தவாசிப் பக்கத்து ஊரிலிருந்து பேரனைக் காண்பதற்கென்றே வந்திருந்த அவன் பாட்டி, வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் பிள்ளை சாமியைப் பார்க்காமலே போகிறானேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், சிறிய எழுத்தில், "தோற்பொருள்கள் விலக்கற்பாலன" என்று அச்சிட்டிருந்தது. எழுதியது நான்தான். இலக்கணப்படி அதில் பிழையில்லை. அந்தப் பையனின் தந்தைக்கே அது விளங்கியிருக்காது.

அதனால் சென்ற டிசம்பர் நிகழ்ச்சிக்கு அழைப்பிதழை மாற்றி எழுதலாம் என்று சங்கத்தில் கேட்டேன். இசைந்தார்கள். அதனை எப்படி மாற்றினோம், எங்கெங்கே தடுமாறினோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பழைய முறையில் நான் எழுதி வைத்திருந்த வரைவைப் படிக்கிறேன், கேளுங்கள்:

"நிகழும் விசுவாவசு ஆண்டு மார்கழித் திங்கள் 12ஆம் நாள், வீர நிர்வாணம் 2552, சனிக்கிழமை பிற்பகல் 2.30 மணியளவில், அருகப் பெருமானின் திருவருளை முன்னிட்டு நடைபெறவிருக்கும் கலை நிகழ்ச்சியில் அயல்நாடு வாழ் சிராவக சிராவகியர் தத்தம் சிறார்களுடன் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறும், பஞ்ச நமஸ்காரம் பிழையற ஓதவல்ல சிறார் முன்னதாகப் பெயர் பதிவு செய்துகொள்ளுமாறும், அஸ்தமனத்திற்கு முன்னர்ச் சிற்றுண்டி அருந்துமாறும், மறுநாள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளி தரிசனத்தில் பங்கேற்குமாறும் அன்புடன் வேண்டுகிறோம்."

ஒரே வாக்கியம். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதனை என் வீட்டு மாடியில் குடியிருப்போரின் உறவுக்காரச் சிறுமியிடம் கொடுத்தேன். ஒன்பது வயது, லண்டனில் வளர்பவள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். "சத்தமாகப் படி அம்மா" என்றேன். "விசுவாவசு" என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அதனைத் தாண்டி வைத்தேன். "சிராவக" என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். இறுதியில் "பள்ளி" என்ற சொல்லைக் கண்டதும் முகம் மலர்ந்தது; அது அவளுக்குத் தெரிந்த சொல். உடனே, "லீவில் எதற்குப் பாட்டி ஸ்கூலுக்குப் போக வேண்டும்?" என்றாள்.

சமண முனிவர்கள் தங்கிய இடமே முதலில் பள்ளி. அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் கல்வி கற்கும் இடத்துக்கும் அப்பெயர் வந்தது என்று நாம் மேடைகளில் பெருமையோடு சொல்வோம். எனக்கும் அதைச் சொல்ல ஆசைதான். ஆனால் அழைப்பிதழ் வகுப்பறை அன்று. அந்தக் கதையைப் பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, "கோயில்" என்று எழுதினேன்.

படித்து முடித்தபின் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கே போக வேண்டும்? எப்போது போக வேண்டும்? அங்கே நீ என்ன செய்வாய்? மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை திருத்திய பிறகும் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்வேன். படிக்கத் தெரியாத பிள்ளையாக இருந்தால் நானே படித்துக் காட்டுவேன். பிறகு தாளை மறைத்துவிட்டு மூன்றையும் கேட்பேன். எந்தக் கேள்விக்கு விடை வரவில்லையோ அந்தப் பகுதியை மீண்டும் எழுதுவேன். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்பதில்லை. புரிந்ததா என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளைகள் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். முப்பதாண்டு அனுபவத்தில் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாளைக் குறிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. 27-12-2025 என்று நாம் எழுதுவதுபோல் அமெரிக்காவில் எழுதுவதில்லை. அங்கே மாதம் முன்னே வரும். 27 என்பதால் இந்த முறை குழப்பமில்லை. ஆனால் 5-1 என்று எழுதினால் அங்கே வளர்ந்தவர்கள் மே மாதம் முதல் நாள் என்று கொள்வார்கள். ஆகவே மாதத்தின் பெயரை எழுத்தாலேயே எழுதினோம். விசுவாவசுவையும் மார்கழி 12ஐயும் பெரியோர் அழைப்பிதழில் மட்டும் வைத்துக்கொண்டோம். வீர நிர்வாண ஆண்டை மட்டும் பிள்ளைகள் தாளிலும் விட்டுவைத்தேன். ஏனெனில் அது அவர்களுக்குச் சொந்தமான ஒரு கணக்கு. "மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளிலிருந்து எண்ணினால் இது 2552ஆம் ஆண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தக் கணக்கில் ஒன்று கூடும்" என்று எழுதினோம். ஒரு பையன் தன் வயதை வீர நிர்வாண ஆண்டில் கணக்கிட்டு எழுதி அனுப்பினான்.

இனி, சொற்களைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். "அருகப் பெருமானின் திருவருளை முன்னிட்டு" என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதனை எளிய தமிழில் எப்படிச் சொல்வது என்று எண்ணி, "மகாவீரர் நமக்கு அருள் தருவார், வாருங்கள்" என்று எழுதி நம் உறவினர் ஒருவருக்கு அமெரிக்காவுக்கு அனுப்பினேன். அவர் மகள் அங்கே ஞாயிறுதோறும் சமணப் பாடசாலைக்குச் செல்கிறாள். அவளுடைய கேள்வியை அவர் அப்படியே எழுதி அனுப்பினார்: "தீர்த்தங்கரர்கள் யாருக்கும் எதையும் தருவதில்லை என்று எங்கள் ஆசிரியை சொன்னார். பாட்டி ஏன் தருவார் என்கிறார்?"

நான் வெட்கிப்போனேன். அந்தப் பெண் சொன்னதே நம் சமயக் கொள்கை. அருகர் விருப்பு வெறுப்பு அற்றவர். ஒருவருக்கு அருளி இன்னொருவரை ஒறுப்பவர் அல்லர். அவருடைய குணங்களை எண்ணி நம்மைத் திருத்திக்கொள்வதற்காகவே வணங்குகிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததன்று. ஆனால் அக்கம்பக்கத்துக் கோயில் அழைப்பிதழ்களைப் படித்துப் படித்து, "திருவருளை முன்னிட்டு" என்ற தொடர் என் கையில் தானாக வந்து அமர்ந்திருக்கிறது. அரிய நடையில் இருந்தவரை அந்தப் பிழை என் கண்ணுக்குப் படவில்லை. எளிதாக்கிய உடனே வெளியே வந்து நின்றது. அந்தத் தொடரைப் பிள்ளைகள் தாளில் மட்டுமன்றிப் பெரியோர் அழைப்பிதழிலும் நீக்கிவிட்டோம்.

எளிமையாக்குகிறேன் என்று நான் செய்த வேறொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். தீர்த்தங்கரர் என்ற சொல் கடினம் என்று கருதி, ஒரு வரைவில் "நம் மதத்தைத் தொடங்கிய மகாவீரர்" என்று எழுதினேன். வாக்கியம் எளிது, செய்தி தவறு. மகாவீரர் இருபத்து நான்காம் தீர்த்தங்கரர். அவருக்கு முன் இருபத்து மூவர் இருந்தனர் என்பது நம் மரபு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தன் வகுப்பில் பேசினால் தவறாகவே பேசும். எனவே அந்தச் சொல்லை நீக்காமல், பக்கத்திலேயே பொருள் சொன்னோம்: "ஆற்றைக் கடக்க வேண்டுமானால் எந்த இடத்தில் இறங்கலாம் என்று தெரிந்தவர் காட்ட வேண்டும். அப்படி நல்வாழ்வுக்குத் துறை காட்டியவர்கள் இருபத்து நான்கு பேர். அவர்களைத் தீர்த்தங்கரர் என்கிறோம். கடைசியாக வந்தவர் மகாவீரர்." வாக்கியங்கள் நான்காயின. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளை தடையின்றிப் படித்தது. நீளத்தைப் பற்றி நான் அஞ்சியது வீண். தடுக்கியது நீளம் அன்று, ஒரே வாக்கியத்தில் பல வினைகளைத் தொங்கவிட்டதுதான்.

பஞ்ச நமஸ்காரத்தில் நேர்ந்தது வேறு வகைச் சிக்கல். பெற்றோர் ஒருவர், "என் பையனுக்கு அது தெரியாது, நவகார் மந்திரம்தான் தெரியும்" என்று வருத்தத்தோடு சொன்னார். வெளிநாட்டுச் சமணச் சங்கங்களில் குஜராத்திக் குடும்பங்கள் மிகுதி. பிள்ளைகள் அங்கே வழங்கும் பெயர்களையே கற்கிறார்கள். பெயர்தான் வேறு. ஐவகைப் பெரியோரை வணங்கும் ஐந்து வரிகள் இரண்டிலும் ஒன்றே. அவற்றோடு பயன் கூறும் நான்கு வரிகளையும் சேர்த்து ஒன்பதாக ஓதுவோர் நவகார் என்கிறார்கள். சென்னையில் நம் பாட்டிமார் சொல்வதும் நியூஜெர்சியில் அந்தப் பையன் சொல்வதும் ஒரே பிராகிருத வரிகள். தனக்குத் தெரியாது என்று எண்ணி அவன் வராமலே இருந்திருப்பான். ஆகவே தாளில் இரண்டு பெயர்களையும் எழுதினோம். இப்படி இரட்டைப் பெயர் உள்ள இடங்களில் ஒன்றை மட்டும் எழுதினால், மற்றதைக் கற்ற பிள்ளை தன்னை அயலானாக எண்ணிவிடும். "சமணம்" என்று எழுதிய இடத்திலும் இதே கதைதான். அவர்களுக்கு "ஜைனம்" என்றால்தான் தெரியும். தாளின் தொடக்கத்திலேயே இரண்டும் ஒன்று என்று ஒரு வரி சேர்த்தோம்.

"பிழையற ஓதவல்ல சிறார்" என்றதையும் நீக்கினோம். பிழை வருமோ என்ற அச்சம் இருக்கும் பிள்ளை அந்த ஒரு சொல்லாலேயே வீட்டில் தங்கிவிடும்.

இப்போது பிள்ளைகள் தாளின் இறுதி வடிவத்தில் ஒரு பகுதியைப் படிக்கிறேன்.

"டிசம்பர் 27, சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு ஆழ்வார்பேட்டையில் நாம் சந்திக்கிறோம். உங்களைப்போல் வேறு நாடுகளில் வளரும் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகளும் வருவார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து பஞ்ச நமஸ்காரம் சொல்வோம். உங்களில் சிலர் இதனை நவகார் அல்லது ணமோகார் மந்திரம் என்று கற்றிருப்பீர்கள், அது இதுதான். ஐந்து வகைப் பெரியோருக்கு வணக்கம் சொல்கிறோம். அவர்களிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு வரி தெரிந்தால் அதைச் சொல்லலாம். தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பிறகு பாட்டு, கதை, கோலம். மேடையில் ஏதாவது செய்ய விரும்பினால் அன்றைக்கு வந்து சொன்னாலும் போதும்.

ஐந்து மணிக்கு எல்லோரும் சாப்பிடுவோம். அன்று சென்னையில் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.50 மணிக்கு. இருட்டில் சிறு பூச்சிகள் உணவில் விழுந்தாலும் தெரியாது. அவற்றுக்குத் துன்பம் வரக்கூடாது என்பதற்காக வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கிறோம்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் "அஸ்தமனத்திற்கு முன்" என்று மட்டும் எழுதுவோம். அயல்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இரவு உணவு எட்டு மணிக்கு என்று எண்ணி ஏழு மணிக்கு வந்து, இலை எடுத்த பந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மணியைச் சொல்ல வேண்டும்; காரணத்தையும் சொல்ல வேண்டும். மணி மட்டும் சொன்னால், ஐந்து மணிக்கு யார் சாப்பிடுவார் என்று தாமதமாகவே வருவார்கள்.

பெற்றோர்க்குத் தனியாக ஒரு தாள் எழுதினோம். அதில் இருந்தவை பெரும்பாலும் நாம் எழுத நினையாதவை. எடுத்துக்காட்டாக, உணவுப் பட்டியல். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இரா என்பதை எழுதுவதுண்டு. ஆனால் ஒரு தாய் கேட்டார்: "புளியோதரையில் நிலக்கடலை போடுவீர்களா? என் மகளுக்கு ஒத்துக்கொள்ளாது; மூச்சு அடைக்கும்." இங்கே நமக்கு அது சிறிய செய்தியாகப் படலாம், அந்தத் தாய்க்கு அது மருத்துவமனை. எனவே சமையல்காரரிடம் கேட்டு, எதில் நிலக்கடலை, எதில் முந்திரி, எதில் பால் என்று எழுதினோம். பாலைக் குறித்ததற்கு வேறு காரணமும் உண்டு. வெளிநாட்டில் வளரும் நம் இளைஞர் சிலர் பசுவுக்குத் துன்பம் என்று பாலையும் தயிரையும் விட்டிருக்கிறார்கள். நம்மைவிட ஒரு படி கடுமையாக இருக்கிறார்கள். பாயசத்தை வேண்டாம் என்ற பெண்ணிடம் ஒரு மூதாட்டி, "நம் வழக்கம் தெரியாத பிள்ளை" என்றது என் காதில் விழுந்தது. தெரியாதது யாருக்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இடம் குறிப்பதும் அப்படித்தான். பழைய கடைகளையும் திரையரங்குகளையும் அடையாளமாகச் சொல்வது நம் வழக்கம். அவற்றுள் பல இப்போது இல்லை. முழு முகவரியோடு, கைப்பேசியில் வழிகாட்டும் வரைபட இணைப்பையும் சேர்த்தோம். மார்கழியில் டி.டி.கே. சாலையில் சபாக்களுக்குச் செல்வோர் கூட்டம் மிகுதி, அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள் என்றும் ஒரு வரி.

மறுநாள் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பழைய அழைப்பிதழில் திரைலோக்கியநாதர் கோயிலின் வரலாற்றை நான் பத்து வரி எழுதுவது வழக்கம். பிள்ளைகள் தாளில் இரண்டே செய்திகளை வைத்தேன். "இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. விஜயநகரப் பேரரசில் அமைச்சராக இருந்த இருகப்பர் அதனை 1387ஆம் ஆண்டையொட்டிக் கட்டினார். அதன் கூரையில் தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசையாக ஓவியமாக இருக்கின்றன. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் கதை நகரும்." படக்கதை படிக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கியது.

பிறகு, இவ்வளவுக்கும் காரணமான அந்த வரி. அதனை நான்கு முறை எழுதினேன். "தோல் பொருள் கூடாது" என்றால் கட்டளை. "தோல் பொருள்களைத் தவிர்க்கவும்" என்றால் அலுவலக அறிவிப்பு. கடைசியில் இப்படி நின்றது: "தோல் இடைவார், தோல் பணப்பை ஆகியவற்றைக் கோயிலுக்குள் கொண்டு போவதில்லை. ஒரு விலங்கின் உயிர் போய்த்தான் அவை கிடைக்கின்றன. துணி வார் கட்டி வரலாம். மறந்து அணிந்து வந்துவிட்டால் கவலை வேண்டாம். வாயிலில் ஒரு பெட்டியும், மாற்றிக் கட்டிக்கொள்ளத் துணி வார்களும் இருக்கும்." எழுதிய பிறகு, எழுதியதற்காகவே ஒரு பெட்டி செய்து, பாண்டி பஜாரில் ஆறு துணி வார்கள் வாங்கினோம். அவை இல்லாமல் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். வாயிலில் நின்ற பெரியவரிடமும் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவர் படித்துவிட்டு, "இதை என் வாயாலும் இப்படியே சொல்லலாமே" என்றார்.

எல்லோரும் இதனை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். நம் சங்க மூத்தவர் ஒருவர், "ஐயாயிரம் சொல்லறிந்த அம்மா இப்படி மழலைத் தமிழில் இறங்கலாமா?" என்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. நன்னூல் செய்த பவணந்தியாரின் மரபில் வந்தோம் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. அதனால்தான் பழைய அழைப்பிதழை நிறுத்தவில்லை. பெரியோர்க்கு அது போகிறது. பிள்ளைகள் தாளும் பெற்றோர் தாளும் அதனுள் மடித்து வைக்கப்படுகின்றன. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றை ஏற்றுத் திருத்தினேன். ஒரு வரைவில் பேச்சுத் தமிழிலேயே "வாங்க, உக்காருங்க" என்று எழுதியிருந்தேன். பேசும்போது இனிமையாக இருந்தது. தமிழ்ப் பள்ளியில் எழுத்துத் தமிழ் கற்கும் பிள்ளைகளோ அந்த எழுத்துக் கோவையைப் படிக்க இன்னும் அதிகமாகத் தடுமாறினார்கள். ஆகவே "வாருங்கள், உட்காருங்கள்" என்றே வைத்தேன். எழுத்தே அறியாத பிள்ளைகளுக்குத் தாளை ஒரு பாட்டியின் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதில் அவர் தம் விருப்பப்படி "வாங்க" என்றார். ஆங்கிலத் தாள் ஒன்றும் உண்டு.

மரத்தடியில் நின்ற அந்தப் பையன் இந்த டிசம்பரில் வரவில்லை. அவன் பள்ளி விடுமுறை ஒத்துவரவில்லையாம். ஆயினும் அவன் பாட்டி தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "என் கைக்கடிகார வார் தோலா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தான். என்னிடம் உடனே விடை இல்லை. விசாரித்தேன். வாரின் உட்புறத்தில் பெரும்பாலும் எழுதியிருக்குமாம். ஐரோப்பாவில் விற்கும் காலணிகளில் விரித்த தோல் போன்ற ஒரு குறி இருந்தால் தோல், சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள் என்று அறியலாமாம். அவனுக்கு அதைச் சொன்னேன். வரும் ஆண்டுத் தாளில் அந்தக் குறிகளின் படத்தைச் சேர்க்கவிருக்கிறோம்.